முதலில் எதை எடுப்பது?

2013 ஜூன் 5 அன்று, முற்பகல் பதினொரு மணிக்குச் சற்று முன்பு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மார்க்கெட் தெருவில் ஒரு பழம்பொருள் கடை வழக்கம்போல் திறந்திருந்தது. உயரம் குறைந்த சிறிய கடை. பக்கத்து மனையில் நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். கடையை ஒட்டி நின்ற அதன் சுவர் சரிந்து கடையின் கூரைமேல் விழுந்தது. உள்ளே வாடிக்கையாளர்களும் ஊழியர்களும் இருந்தார்கள். ஆறு பேர் அன்றே இறந்தார்கள். படுகாயமடைந்த ஒருவர் சில வாரங்கள் கழித்து இறந்தார்.

அங்கே வெடி வைக்கவில்லை, நிலநடுக்கமும் வரவில்லை. அந்தச் சுவரைப் பல தலைமுறையாகப் பிடித்துக்கொண்டிருந்த தளங்களையும் மரக்கட்டைகளையும் எடுத்துவிட்டு, சுவரைத் தனியே நிற்க விட்டிருந்தார்கள். ஒரு மாடி உயரத்துக்கு மேற்பட்ட சுவரைப் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாமல் நிற்க விடக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதிகளில் பல காலமாக இருப்பதுதான். விசாரணையில் அரசுத் தரப்பு வைத்த வாதம் ஒன்றைத் தமிழ்நாட்டில் பழைய வீட்டை இடிக்கப்போகும் யாரும் கவனிக்க வேண்டும். கட்டைகளுக்கு விலை உண்டு, அதனால் விற்பதற்காக அவற்றை முதலில் உருவி எடுத்தார்கள் என்பதே அந்த வாதம். ஒப்பந்தக்காரருக்கும் இயந்திரத்தை ஓட்டியவருக்கும் சிறைத்தண்டனை கிடைத்தது.

நம் ஊரிலும் பழைய வீட்டை இடிப்பதில் பணம் இருப்பது அந்தக் கட்டையில்தான். திருவல்லிக்கேணியிலோ மயிலாப்பூரிலோ ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டை இடிக்க ஆள் கூப்பிட்டால், பெரும்பாலும் அவர் உங்களிடம் கூலி கேட்பதில்லை. அவரே உங்களுக்குப் பணம் தருவார். தேக்குக் கட்டைகள், நிலைகள், கதவுகள், இரும்பு, நல்ல செங்கல் எல்லாம் அவருக்கு. வீட்டுக்காரருக்கு இது லாபமாகத் தெரியும். ஆனால் இந்த ஏற்பாட்டில், எது சுவரைப் பிடித்திருக்கிறதோ அதை முதல் வாரத்திலேயே கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும் என்ற அவசரம் ஒப்பந்தத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டில் குடும்பம் இருக்கும்போது இதைவிட ஆபத்தான அவசரம் வேறில்லை.

இந்த அவசரத்துக்கு எதிராகக் காகிதத்தில் எழுதப்படுவதுதான் இடிப்பு முறை அறிக்கை. பொறியாளர்கள் மெத்தட் ஸ்டேட்மெண்ட் என்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் கட்டட இடிப்புக்கென்றே IS 4130 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பின் ஏழாம் பாகமும் இதைப் பேசுகிறது. ஆனால் சிறிய வீடுகளுக்கு இவற்றைப் பார்த்து முறையாக எழுதுகிறவர்கள் குறைவு. எழுதினாலும் "எல்லாப் பாதுகாப்பு விதிகளும் கடைப்பிடிக்கப்படும்" என்று இரண்டு பக்கம் அச்சடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு செங்கல்லுக்குக்கூடப் பயனில்லை. நல்ல அறிக்கை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் போட்டிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்து வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: இந்த வேலை முடிந்த அன்று மாலை காற்றும் மழையும் வந்தால், நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு சுவரையும் எது பிடித்திருக்கும்? பதில் படத்தில் தெரியவில்லை என்றால் அந்த அறிக்கை இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். சென்னையின் பழைய தெருக்களில் சாதாரணமாகக் காணக்கூடிய வீடு. பதினெட்டு அடி முகப்பு, அறுபது அடி ஆழம். முன்பாதியில் ஒரு மாடி, நடுவில் சிறு முற்றம், பின்னால் சமையலறையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட குளியலறையும். வலப்பக்கம் சந்து. இடப்பக்கம் இதே வயதுள்ள இன்னொரு வீடு. அதில் வயதான தம்பதியும் மகன் குடும்பமும் இருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பதினான்கு அங்குலத் தடிமனில் ஒரே ஒரு பொதுச்சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டியது, உள்ளே சில இடங்களில் வெறும் மண் சாந்து.

மெட்ராஸ் டெரஸ் தளம் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் அதை எடுக்க முடியாது. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்குக் கட்டைகள், ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாக. அவற்றின்மேல் ஓர் அங்குலத் தடிமனே உள்ள சிறிய டெரஸ் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, கட்டைக்குக் கோணலாக, அறையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை நோக்கி வரிசை வரிசையாகச் சுண்ணாம்பில் ஒட்டியிருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த கான்கிரீட். அதற்கும் மேலே தட்டோடு. மொத்தம் ஏழெட்டு அங்குலம் வரும். எடை சதுர அடிக்குச் சுமார் 35 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் கூரை என்றால் நான்கு டன்னுக்கு மேல்.

இந்த எடையைத் தாங்கும் கட்டைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. இரண்டு சுவர்களுக்கும் நடுவே குறுக்காகக் கிடந்து, சுவர் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் பிடித்திருக்கின்றன. சுவரின் தலையில் உட்கார்ந்திருக்கும் தளத்தின் பாரமும் சுவரை அழுத்தி நிலைக்க வைக்கிறது. செங்கல் சுவர் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் அதற்குத் தன் எடையைத் தவிர வேறு துணை கிடையாது.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். மாடியில் ஒன்பது அங்குலச் சுவர், பதினோரு அடி உயரம். கூரையையும் குறுக்குச் சுவர்களையும் எடுத்தாகிவிட்டது. சுவர் தூக்குக்குண்டுக்குச் சரியாக நேராக நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பழைய சாந்துக்கு இழுவிசை தாங்கும் சக்தி இல்லை என்று எடுத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகக் காற்றிலேயே அது கவிழும் நிலைக்கு வந்துவிடும். தளங்களை உள்ளே காலி செய்து அதே சுவரை இரண்டு மாடி உயரத்துக்கு, இருபத்திரண்டு அடிக்கு, நிற்க விட்டால் 50 கிலோமீட்டர் வேகமே போதும். கோடை இடிமழைக்கு முன் வீசும் காற்று அந்த அளவை எளிதாகத் தொடும். உயரம் இரண்டு மடங்கானால் சுவரின் எடை தரும் எதிர்ப்பும் இரண்டே மடங்குதான் ஆகிறது, காற்றின் கவிழ்ப்போ நான்கு மடங்காகிறது. ஒரு மாடி உயரத்துக்கு மேல் தனிச்சுவர் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. ஒரு மாடி உயரமும் முழுப் பாதுகாப்பு அல்ல என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. சுவர் ஏற்கெனவே இரண்டு அங்குலம் சாய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

இனி நம் வீட்டுப் பொதுச்சுவருக்கு வருவோம். இடிப்பதற்கு முன் செய்யும் ஆய்வில் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் இந்தச் சுவருக்குத்தான் போக வேண்டும். அது உண்மையிலேயே பொதுச்சுவரா, அல்லது ஒட்டி நிற்கும் இரண்டு தனிச்சுவர்களா? பத்திரத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. இரண்டு வீட்டு அறைகளின் உள்ளளவையும் தெருமுகப்பின் மொத்த அளவையும் எடுத்துக் கழித்தால் நடுவில் எவ்வளவு தடிமன் மிஞ்சுகிறது என்று தெரியும். பிறகு கட்டை மட்டத்தில் நான்கைந்து இடங்களில் பூச்சைச் செதுக்கிப் பார்க்க வேண்டும். கட்டாயம் பக்கத்து வீட்டுக்குள்ளும் போக வேண்டும். அவர்களுடைய கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெருவுக்கு இணையாக ஓடினால் அவை இந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. நம் கட்டைகளும் மறுபக்கத்திலிருந்து அதே சுவரில். பதினான்கு அங்குலத்தில் இருபுறமும் ஆறு ஆறு அங்குலம் புகுந்திருந்தால் நடுவே மிச்சம் இரண்டே அங்குலம்.

சட்டமும் இதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. ஒருவர் வீடு இன்னொருவர் நிலத்திலிருந்தோ கட்டுமானத்திலிருந்தோ இருபது ஆண்டு தடையின்றித் தாங்குதல் பெற்றிருந்தால், அதை உரிமையாகக் கோர 1882-ஆம் ஆண்டின் இந்திய அனுபோக உரிமைச் சட்டம், 15-ஆம் பிரிவில் இடம் தருகிறது. பழைய தெருக்களில் ஒட்டி நிற்கும் பெரும்பாலான வீடுகள் இருபது ஆண்டைத் தாண்டியவை. ஆகவே "என் பங்குச் சுவரை நான் இடிக்கிறேன்" என்று பாதித் தடிமனைச் செதுக்கி எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. நம் எடுத்துக்காட்டு வீட்டில் பொதுச்சுவர் முழுத் தடிமனோடும் முழு உயரத்தோடும் நிற்கப்போகிறது. இடிப்பு என்பது அந்தச் சுவரிலிருந்து நம் வீட்டைப் பிரித்தெடுப்பதே.

ஆய்வின் இன்னொரு பாதி, பக்கத்து வீட்டின் இன்றைய நிலையைப் பதிவு செய்வது. ஒவ்வொரு அறையையும் தேதி தெரியப் படம் எடுத்து, ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை வரைபடத்தில் குறித்து, அகலத்தை எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் வீட்டுக்காரருக்கும் நன்மை உண்டு. பழைய வெடிப்புக்கெல்லாம் பின்னால் அவர் பொறுப்பாக வேண்டியதில்லை. முக்கியமான வெடிப்புகளின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டிவிடுவார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். இப்போது மில்லிமீட்டர் கட்டம் போட்ட பிளாஸ்டிக் அளவிகளும் கிடைக்கின்றன. உடைவதோடு நில்லாமல் எவ்வளவு, எந்தப் பக்கம் நகர்ந்தது என்றும் அவை சொல்லும். எதை ஒட்டினாலும் பெயிண்டையும் தளர்ந்த பூச்சையும் சுரண்டிவிட்டுச் செங்கல்லோடு ஒட்ட வேண்டும். பெயிண்டின்மேல் ஒட்டிய சில்லு, சுவர் பிளந்தாலும் பெயிண்டோடு உரிந்து முழுசாகவே இருக்கும்.

மின் இணைப்பையும் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளையும் துண்டிப்பது, உள்ளாட்சியின் அனுமதி, தெருப்பக்கம் தடுப்பு, பசுமை வலை இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. பழைய வீட்டில் அடிக்கடி மறந்துபோவது மூடிய கிணறு. பின்கட்டில் கல் பலகை போட்டு மண் நிரப்பாமல் மூடிய கிணற்றின்மேல் ஜேசிபி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்காமல், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலில் தங்குவது. பக்கத்து வீட்டு ஜன்னல் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இப்போது இடிப்பு. முதலில் முட்டு. எதையும் எடுப்பதற்கு முன்பே பொதுச்சுவருக்கு நம் பக்கமிருந்து சாய்வு முட்டுகள் கொடுத்தாக வேண்டும். தரையோடு 60 முதல் 70 பாகைக் கோணத்தில், எட்டுப் பத்தடிக்கு ஒன்றாக, சுவரில் செங்குத்துப் பலகை பதித்து, கீழே அகலமான அடிப்பலகையில் நிறுத்துவார்கள். முட்டின் தலை எங்கே படுகிறது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பக்கத்து வீட்டின் தளமும் கூரையும் சுவரைச் சந்திக்கும் மட்டத்தில் அது பட வேண்டும். அங்கே தள்ளினால் எதிரே அவர்களுடைய கட்டைகள் எதிர்கொள்ளும். இரண்டு தளத்துக்கும் நடுவே வெறும் சுவரில் முட்டு கொடுத்தால், காப்பாற்ற வைத்த முட்டே சுவரை அவர்கள் அறைக்குள் தள்ளும். ஆப்பையும் சம்மட்டியால் ஓங்கி அடிக்கக் கூடாது; பிடிப்பு வரும்வரை மெல்ல இறுக்கினால் போதும். முட்டின் கால் தரைவரை போக மாடித் தளத்தில் சிறு துளைகள் போட வேண்டியிருக்கும். இது வேலையைத் தாமதிக்கிறது என்று மேஸ்திரி சலித்துக்கொள்வார். அந்தத் தாமதத்துக்கு நாள் ஒதுக்கித்தான் அறிக்கை எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து மேலிருந்து கீழாக. கைப்பிடிச் சுவரை முதலில் எடுத்துவிட்டு, தட்டோட்டைப் பெயர்த்து, ஜல்லிக் கான்கிரீட்டைச் சிறு துண்டுகளாக உடைத்து உடனுக்குடன் கீழே இறக்க வேண்டும். டெரஸ் செங்கல் வரிசை ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஓரிடத்தில் உடைத்தால் பக்கத்து இடைவெளியும் தளரும். ஆகையால் கட்டையின்மேல் குறுக்காகக் கனமான பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை செய்ய வேண்டும். செங்கல்லின்மேல் ஆள் நிற்கவே கூடாது. தளம் கட்டிய திசைக்கு எதிராக, கடைசியாக முடித்த மூலையிலிருந்து தொடங்கிப் பின்வாங்கிக்கொண்டே வருவது நல்ல மேஸ்திரியின் வழக்கம்.

உடைத்ததை எங்கே போடுவது? மாடி அறையிலேயே தள்ளிவிட்டு மாலையில் அள்ளலாம் என்பதுதான் சாதாரணமாக நடப்பது. வீட்டுத் தளத்தில் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 200 கிலோ ஏறலாம் என்பது இன்று புதுக் கட்டடத்துக்கே எடுக்கும் கணக்கு. உடைந்த செங்கல் குவியல் அரை அடி உயரம் வந்தாலே அந்த 200 கிலோ ஆகிவிடும். இரண்டடிக் குவியல் அதன் நான்கு மடங்கு. முனை கரையான் அரித்த நூறு வயதுக் கட்டை அதைத் தாங்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. மேல்தளம் கீழ்த்தளத்தில் விழுந்தால் நான்கு டன்னும் ஒரே நொடியில் இறங்கும். அதே குவியலைப் பொதுச்சுவரின் ஓரம் சாய்த்துப் போட்டால் அது பக்கவாட்டில் சுவரைத் தள்ளும். மழை பெய்து நனைந்தால் இன்னும் பலமாக. சந்துப் பக்கம் குழாய்ச் சரிவு கட்டி நேராக வண்டியில் இறக்குவதே சரி.

கட்டைகளின் முறை இப்போது வருகிறது. ஒவ்வொன்றாக, ஓர் அறை முடித்து அடுத்த அறை. நடுச்சுவர்ப் பக்க முனையைச் சுவரை உடைத்து விடுவிக்கலாம். பொதுச்சுவர்ப் பக்க முனையைக் கடப்பாரை போட்டு நெம்பி உருவவே கூடாது. அந்த இரண்டு அங்குல இடைச்செங்கல்லுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கட்டையின் முனை இருக்கிறது. நெம்பினால் அவர்கள் கூரையின் தாங்கல் நொறுங்கும். கட்டையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டு, சுவரிலிருந்து நான்கைந்து அங்குலம் விட்டு ரம்பத்தால் அறுத்து இறக்க வேண்டும். ஏறக்குறைய ஓரடித் தேக்கு வீணாகிறதே என்ற வருத்தம் ஒப்பந்தக்காரருக்கு இருக்கும். அறிக்கையில் இது தனி வரியாக, படத்தோடு இருக்க வேண்டிய காரணம் அந்த வருத்தம்தான். சுவரில் தங்கிய துண்டுகளைப் பிறகு ஒன்று விட்டு ஒன்றாக எடுத்து, குழியைச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து நிரப்பி, அது இறுகிய பின் மீதி ஒன்றுகளுக்குப் போக வேண்டும். பழைய மென்மையான சுவரில் கெட்டியான சிமெண்ட் திட்டுகள் வைத்தால் அவை தனியே நிற்கும். சுவரோடு சேர்ந்து வேலை செய்யாது.

நம் கட்டைகள் போனதும் சுவரின் நிலையே மாறிவிடுகிறது. முன்பு இருபுறமும் பாரம் சமமாக இருந்தது. இப்போது அவர்கள் பக்கம் மட்டுமே பாரம். சுவர் மெல்ல நம் வெற்று மனைப் பக்கம் வயிறு தள்ளப் பார்க்கும். முட்டுகள் தேவைப்படுவது முக்கியமாக இதற்குத்தான். இன்னொரு துணையும் இருக்கிறது. பொதுச்சுவரோடு பிணைத்துக் கட்டிய நம் குறுக்குச் சுவர்களை அடியோடு பெயர்க்காமல், பொதுச்சுவரிலிருந்து இரண்டடி நீளம் விட்டு, உளியால் மேலிருந்து கீழாக வெட்டுப் போட்டுப் பிரித்துவிடலாம். மிஞ்சும் இரண்டடித் துண்டு நிரந்தரமான முட்டுச்சுவராக நிற்கும். சேர்ந்து பின்னிய செங்கற்களை இழுத்து எடுத்தால் பொதுச்சுவரில் பல் விழுந்த இடங்களும், மறுபக்கப் பூச்சில் வெடிப்பும்தான் மிச்சம்.

மீதிச் சுவர்களைக் கையால், ஒரு சுற்றுக்கு ஒன்றரை அடி உயரத்துக்கு மேல் போகாமல், வீடு முழுவதும் சம மட்டமாக இறக்கிக்கொண்டு வர வேண்டும். சுவர்மேல் நின்று அடிக்காமல் தனியே நிற்கும் சாரத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். அடியில் வெட்டிக் கயிறு கட்டி இழுத்துச் சாய்ப்பது வேகமானது. ஆனால் அந்த அதிர்வு பக்கத்து வீட்டுச் சுண்ணாம்புக் கூரையில் போய் முடியும். என் கருத்தில், பொதுச்சுவரிலிருந்து பத்தடிக்குள் ஜேசிபியும் பிரேக்கரும் வரவே கூடாது. சந்துப் பக்கம் தரைமட்டமான பிறகு இடிபாட்டை அள்ள மட்டும் ஜேசிபி வரலாம்.

தூசுக்குத் தண்ணீர் அடிக்கச் சொல்லி எல்லா விதிகளும் சொல்கின்றன. மண் சாந்துச் சுவரில் அதற்கும் அளவு உண்டு. உடைக்கும் இடத்தில் தெளிப்பது வேறு, ஹோஸை வைத்துப் பொதுச்சுவரை ஊறவைப்பது வேறு. ஊறிய மண் சாந்து பலத்தை இழந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம்.

பக்கத்து வீட்டாருக்கு அறிக்கையில் தனிப் பக்கம் வேண்டும். பொதுச்சுவரை ஒட்டிய அறைகளின் கட்டைகளை அறுக்கும் நாள்களிலும் குறுக்குச் சுவரைப் பிரிக்கும் நாள்களிலும், அந்தப் பக்க அறைகளில் யாரும் இருக்கக் கூடாது. எந்தத் தேதிகள் என்று முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் கட்டிலோடு இருந்தால் அவரை எங்கே மாற்றுவது, செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். "பாத்து இருங்கம்மா" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன்பும் மாலையிலும் பொறியாளரின் ஆள் அவர்கள் வீட்டுக்குள் போய் அளவிகளைப் படித்து எழுத வேண்டும். ஒரு சில்லு உடைந்தாலோ, வெடிப்பு ஒரு மில்லிமீட்டர் விரிந்தாலோ, நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் பிடித்தாலோ, பூச்சிலிருந்து மண் உதிர்ந்தாலோ வேலை நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவே நிறுத்தச் சொல்லலாம் என்று அந்தப் பட்டியலில் சேர்ப்பது நல்லது. கதவு பிடிப்பதை முதலில் கவனிப்பவர் அவர்தான்.

கட்டைப் பணத்தின் அவசரத்தை ஒப்பந்தத்திலேயே தீர்க்க முடியும். இடிப்புக் கூலி தனி, பழம்பொருள் விலை தனி என்று பிரித்து எழுதலாம். இறக்கிய கட்டைகளை மனையின் முன்பக்கம் அடுக்கி வைத்து, ஒவ்வொரு கட்டமும் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அந்தக் கட்டத்துக் கட்டைகள் வெளியே போகலாம் என்று நிபந்தனை வைக்கலாம். வீட்டுக்காரருக்கு வரும் பணம் குறையும், உண்மைதான். முட்டுக்கும் சாரத்துக்கும் பொறியாளருக்கும் செலவும் கூடும். இடிப்பையே ஒரு வருமானமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கசக்கும். ஆனால் அந்த வருமானத்தில் ஒரு பங்கு பக்கத்து வீட்டாரின் பாதுகாப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

வீடு தரைமட்டமானதும் ஆபத்து முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் கடைசித் தவறு. பொதுச்சுவரின் நம் பக்க முகம் இதுவரை அறைக்குள் இருந்தது, மழையே பார்த்ததில்லை. கட்டைக் குழிகளும் சாந்து உதிர்ந்த இணைப்புகளுமாக அது இப்போது வானத்தின்கீழ் நிற்கிறது. உடனே இணைப்புகளை நிரப்பி, சுண்ணாம்புப் பூச்சு கொடுத்து, பக்கத்துக் கூரையும் சுவர்த்தலையும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் அடைக்க வேண்டும். இந்தச் செலவை யார் ஏற்பது என்று இடிப்பதற்கு முன் பேசாவிட்டால், பின்னால் பேச்சு நீதிமன்றத்தில்தான் நடக்கும்.

அதைவிடப் பெரியது அஸ்திவாரம். பழைய சுவரின் கடைக்கால் பெரும்பாலும் மூன்று நான்கு அடி ஆழம்தான். புதுக் கட்டடத்துக்கு ஆறடி தோண்ட வேண்டும் என்று ஜேசிபியை வைத்துப் பொதுச்சுவரின் ஓரமாக நீளமாக ஒரே பள்ளம் எடுத்தால், இவ்வளவு கவனமாகக் காப்பாற்றிய சுவர் அடிமண் சரிந்து விழும். சுவரை ஒட்டிய பழைய அஸ்திவாரத்தையும் சில அடி மண்ணையும் இடிப்பு ஒப்பந்தக்காரர் தொடாமல் விட்டுவிட வேண்டும். அங்கே ஆழமாகப் போயே தீர வேண்டுமென்றால், மூன்றடி நீளத்துக்கு ஒரு குழியாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, பழைய அஸ்திவாரத்துக்குக் கீழே கான்கிரீட் கொடுத்து, அது இறுகிய பின்னரே அடுத்த குழிக்குப் போக வேண்டும். இது புதுக் கட்டடப் பொறியாளரின் வேலை. இடிப்பு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டியது இந்த ஒப்படைப்பு: எந்த முட்டுகள் இன்னும் நிற்கின்றன, அவற்றை எப்போது, யார் சொன்னால் எடுக்கலாம், எந்த எல்லைக்குள் தோண்டக் கூடாது. சாய்வு முட்டுகளின் அடிப்பலகை மனை நடுவில் இடைஞ்சலாக இருக்கிறது என்று புதுக் கொத்தனார் ஒரு காலை வேளையில் ஒன்றைத் தட்டி எடுப்பது நடக்கக்கூடியது. அதனால் முட்டுகளின்மேல் பெயிண்டில் எழுதியே வைக்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். பக்கத்து வீட்டில் ஒட்டிய அளவிகளும் அடுத்த பருவமழை முடியும்வரை அப்படியே இருக்க வேண்டும். அப்போது மீண்டும் அறை அறையாகப் படம் எடுத்து, பழைய படங்களோடு இரு தரப்பும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தக்காரரின் கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.